அந்த இரண்டாவது கோடு ஊசியால் வந்தது

ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணி. பெங்களூர் ராமமூர்த்தி நகரில் எங்கள் வாடகை வீட்டுக் குளியலறையில், கவிழ்த்துப் போட்ட பக்கெட் மேல் கர்ப்பப் பரிசோதனைக் கிட்டை வைத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தேன். மருந்துக்கடையில் 60 ரூபாய்க்குக் கிடைக்கிற சாதாரண கிட்தான். கூடவே வரும் சின்ன டிராப்பரில் சிறுநீரை எடுத்து, ஓரத்துக் குழியில் மூன்று சொட்டு விட வேண்டும். ஈரம் மெதுவாக ஏறி, முதலில் சி என்ற இடத்தில் கோடு பளிச்சென்று வந்தது. கொஞ்ச நேரம் கழித்து டி என்ற இடத்தில், ரோஜாப்பூ இதழைத் தண்ணீரில் அலசின மாதிரி, மெல்லிசாக ஒன்று. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன், டியூப் லைட்டுக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். இருந்தது. கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் என் கிட்டில் இரண்டாவது கோட்டை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்தக் கோடு பொய்யில்லை. கிட்டும் கெட்டுப்போனதில்லை. ஆனால் என் வயிற்றில் குழந்தையும் இல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வாரமும், கிட்டத்தட்ட ஆறாயிரம் ரூபாயும், வெளியே சொல்ல முடியாத அவமானமும் ஆனது. இன்ஜெக்‌ஷன் போட்டு, விந்தைக் கருப்பைக்குள் நேரடியாகச் செலுத்தும் ஐயூஐ செய்துகொண்டு, வீட்டில் கிட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் யாராவது ஒருத்தருக்காவது இது முன்கூட்டியே தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எனக்குக் கருமுட்டை ஒழுங்காக வெடிக்காத பிரச்சினை. ஒரு கருத்தரிப்பு மருத்துவமனையில் மாதவிடாயின் மூன்றாம் நாளிலிருந்து லெட்ரோசோல் மாத்திரை கொடுத்து, ஸ்கேனில் முட்டை வளர்வதைப் பார்த்தார்கள். முட்டை 19 மில்லிமீட்டர் ஆனதும், அதை வெடிக்கவைக்க ஒரு ஊசி எழுதிக்கொடுத்தார்கள். வியாழக்கிழமை இரவு சரியாக ஒன்பதரைக்குப் போடச் சொன்னார்கள். போட்டதிலிருந்து 36 மணி நேரம் கணக்கு வைத்து, சனிக்கிழமை காலை ஐயூஐ. அன்றைக்கே ப்ரோஜெஸ்டெரோன் மாத்திரையும் ஆரம்பித்தார்கள். ‘14 நாள் கழித்து ரத்தப் பரிசோதனைக்கு வாங்க, அதுவரைக்கும் வீட்டில் டெஸ்ட் பண்ணாதீங்க’ என்று நர்ஸ் சொன்னார். ஏன் பண்ணக்கூடாது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீணாக மனசைக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று அன்பாகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

காரணம் இதுதான். அந்த ஊசியின் பெயரே ஹெச்சிஜி. கருவுற்ற பெண்ணின் உடம்பில் நஞ்சுக்கொடித் திசு சுரக்கும் ஹார்மோனும் அதுவேதான். கிட் சிறுநீரில் தேடுவதும் அதே ஹார்மோனைத்தான். அது குழந்தையிடமிருந்து வந்ததா, ஊசியிலிருந்து வந்ததா என்று கிட்டுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. எனக்குப் போட்டது 10,000 யூனிட். அது உடம்பில் ஒன்றரை நாளைக்கு ஒருமுறை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துகொண்டே வரும். முழுசாக வடிந்து போக 10 நாளிலிருந்து 14 நாள் வரை ஆகும். 5,000 யூனிட் போட்டவர்களுக்குக் கொஞ்சம் சீக்கிரம் போய்விடும். நான் டெஸ்ட் செய்தது ஊசி போட்ட எட்டாம் நாள். அன்றைக்கு என் உடம்பில் ஊசி மருந்து இன்னும் மிச்சம் இருந்திருக்கிறது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதை அன்றைக்கே போட்டிருந்தால் நானே பிடித்திருப்பேன். ஊசி போட்டு ஒன்றரை நாள் கழித்துத்தான் முட்டை வெளியே வருகிறது. அது கருவானாலும் உருண்டு வந்து கருப்பையில் ஒட்டிக்கொள்ளப் பெரும்பாலும் எட்டிலிருந்து பத்து நாள் ஆகும். ஒட்டின பிறகுதான் ஹார்மோன் ரத்தத்தில் கலக்கவே ஆரம்பிக்கும், சிறுநீரில் தெரிய இன்னும் ஓரிரு நாள். அந்த வெள்ளிக்கிழமை எனக்கு முட்டை வெளியே வந்து ஆறு நாள்கூட ஆகியிருக்காது. உண்மையிலேயே கரு உண்டாகியிருந்தால்கூட அன்றைக்குக் கிட்டில் தெரிந்திருக்க வழியில்லை.

இதெல்லாம் தெரியாததால் இவரை எழுப்பினேன். இவர் தூக்கக் கலக்கத்தில் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் என் தலையைத் தடவினார். சனிக்கிழமை இன்னொரு கிட், அதிலும் கோடு. என் அம்மாவுக்குச் சொன்னேன். சேலத்திலிருந்து அத்தை போன் பண்ணினபோது குரலிலேயே கண்டுபிடித்துவிட்டார். “வாயில ஒரு துளி சக்கரை போட்டுக்கம்மா, நான் இங்க போட்டுக்கிட்டேன்” என்றார். அன்று சாயங்காலத்துக்குள் நாத்தனார், பெரியம்மா, ஒன்றுவிட்ட சித்தி வரைக்கும் செய்தி போய்விட்டது.

பாசிட்டிவ் வந்த பிறகு எதையும் தவறவிடக்கூடாதே என்று பயம். எங்கள் மருத்துவமனைக்கு அப்போதே போக வெட்கமாக இருந்தது, டெஸ்ட் பண்ணாதீங்க என்று சொல்லியும் பண்ணிவிட்டேனே என்று திட்டுவார்களோ என்று. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நர்ஸிங் ஹோம். அங்கே இருந்த டாக்டர் கிட்டைப் பார்த்தார், கடைசி மாதவிடாய்த் தேதியைக் கேட்டார், எத்தனை வருஷமாகக் குழந்தை இல்லை என்று கேட்டார். “கோடு வீக்கா இருக்கு, சப்போர்ட் கொடுத்துடலாம்” என்று ஒரு ஊசி போட்டார். செவ்வாய்க்கிழமை இன்னொன்று போடச் சொன்னார். நான் அந்த ஊசி டப்பாவை வாங்கிக் கொடுத்தேனே தவிர, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. அதுவும் ஹெச்சிஜிதான். ஒவ்வொன்றும் 5,000 யூனிட். அவர் எனக்கு ஏற்கெனவே என்னென்ன ஊசி போட்டிருக்கிறது என்று கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை, ஐயூஐ விஷயத்தை இரண்டாவது டாக்டரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது.

இந்த இடத்தில்தான் என் கதை சிக்கலானது. முதல் ஊசி தானாக வடிந்திருந்தால் பதினொன்று, பன்னிரண்டாம் நாளிலாவது கோடு மறைந்து எனக்கே சந்தேகம் வந்திருக்கும். அதன் மேல் சனிக்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் அதே மருந்து ஏறினதால் தினமும் கிட் பாசிட்டிவ். அதுவும் ஞாயிற்றுக்கிழமையும் புதன்கிழமையும் கோடு நன்றாக அடர்த்தியாக வந்தது. ‘குழந்தை வளர்கிறது, அதனால்தான் கோடு கறுக்கிறது’ என்று நான் அதை மொபைலில் படம் எடுத்து வரிசையாக வைத்திருந்தேன். மார்பு வலி, தூக்கம், குமட்டல் எல்லாம் இருந்தது. அவையும் ப்ரோஜெஸ்டெரோன் மாத்திரையாலும் அந்த ஊசியாலும் வரக்கூடியவைதான். ப்ரோஜெஸ்டெரோன் கிட்டில் பாசிட்டிவ் காட்டாது, ஆனால் அதைச் சாப்பிடும்வரை மாதவிடாய் தள்ளிப்போகலாம். ஆக, தள்ளிப்போவதையும் அறிகுறிகளையும் வைத்து யாராலும் எதையும் முடிவு செய்ய முடியாது.

ஐயூஐ முடிந்து பதினான்காம் நாள் சனிக்கிழமை மருத்துவமனையில் ரத்தம் கொடுத்தேன். மத்தியானம் வாட்ஸப்பில் ரிப்போர்ட் வந்தது. பீட்டா ஹெச்சிஜி 28. கீழே, ஐந்துக்குக் குறைந்தால் இல்லை, 25-க்கு மேல் இருந்தால் கர்ப்பம் என்று அச்சிட்டிருந்தது. 28 என்பது 25-ஐ விட அதிகம்தானே என்று நான் நிம்மதியாக இருந்தேன். டாக்டர் மட்டும் போனில், “கம்மியா இருக்கு. திங்கட்கிழமை திரும்பப் பார்த்துட்டுத்தான் எதுவும் சொல்ல முடியும்” என்றார். திங்கட்கிழமை 10.

அந்த ஆலோசனை அறை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. டாக்டர் ரொம்ப மென்மையாகப் பேசினார். கரு ஒட்டியிருக்கிறது, தங்கவில்லை, இதற்கு ‘கெமிக்கல் பிரெக்னன்சி’ என்று பெயர், ஸ்கேனில் தெரியும் அளவுக்கு வளர்வதற்குள்ளேயே கலைந்துவிடுவது, நிறைய பேருக்கு நடக்கிறது, பலருக்கு நாள் தள்ளி வந்த மாதவிடாய் என்றே போய்விடும் என்றார். சொல்லிக்கொண்டே என் ஃபைலில் எழுதினார். நான் அழுதுகொண்டே, “நர்ஸிங் ஹோம்ல சப்போர்ட் ஊசி ரெண்டு போட்டும் தங்கலையே டாக்டர்” என்றேன். அவர் கை நின்றது. என்ன ஊசி என்று கேட்டார். எனக்குப் பெயர் தெரியவில்லை. இவர் பையிலிருந்து மருந்துக்கடை பில்லை எடுத்துக் கொடுத்தார். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, தேதியை விரலில் எண்ணிவிட்டு, ஃபைலில் எழுதினதைக் கோடு போட்டு அடித்தார்.

செவ்வாய்க்கிழமை போட்ட 5,000 யூனிட்டின் மிச்சம்தான் சனிக்கிழமை 28 ஆகத் தெரிந்தது, திங்கட்கிழமை 10 ஆக இறங்கினது என்று விளக்கினார். மருந்து வடியும் வேகத்தோடு அந்த இறக்கம் அப்படியே பொருந்துகிறது. அந்த வாரக் கடைசியில் இன்னொரு முறை பார்த்தபோது இரண்டுக்கும் கீழே. நான் அந்த மாதம் கருத்தரித்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை.

இந்த அடித்தல் ஏன் முக்கியம் என்று பிறகுதான் புரிந்தது. கெமிக்கல் பிரெக்னன்சி என்று ஃபைலில் இருந்தால், ‘இந்தப் பெண்ணுக்குக் கரு உண்டாகிறது, ஒட்டவும் செய்கிறது, தங்குவதில்தான் பிரச்சினை’ என்று அர்த்தம். அதை வைத்துத்தான் அடுத்த சிகிச்சை முடிவாகும். இரண்டு மூன்று முறை அப்படி எழுதப்பட்டுவிட்டால், தேவையில்லாத பரிசோதனைகளுக்கெல்லாம் போக வேண்டியிருக்கும். ‘கரு உண்டாகவே இல்லை’ என்பது வேறு கணக்கு. நான் அந்தச் சப்போர்ட் ஊசியைப் பற்றி வாய்தவறிச் சொல்லாமல் இருந்திருந்தால், நடக்காத ஒரு கர்ப்பம் என் ஃபைலில் நிரந்தரமாக இருந்திருக்கும். அதனால் சொல்கிறேன், வேறு எந்த டாக்டரிடம் போனாலும் ஊசியின் பெயர், யூனிட், போட்ட தேதி, நேரம் இந்த நாலையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வையுங்கள். டப்பாவில் ஹெச்சிஜி என்றோ கோரியானிக் கொனடோட்ரோபின் என்றோ இருந்தால் அது கிட்டில் தெரியும். முட்டை வளரப் போடும் எஃப்எஸ்ஹெச் ஊசி, லெட்ரோசோல், க்ளோமிஃபீன் மாத்திரைகள் கிட்டில் பாசிட்டிவ் காட்டாது. முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கும் ஐவிஎஃப்பில் சிலருக்கு முட்டை முதிரவைக்க ஹெச்சிஜிக்குப் பதிலாக லூப்ரோலைடு, ட்ரிப்டோரெலின் போடுவார்கள். அதிலும் இந்தக் குழப்பம் வராது. ஆனால் ஐயூஐயோ ஐவிஎஃப்போ முடிந்த பிறகு, ‘சப்போர்ட்’ என்று சில இடங்களில் ஹெச்சிஜியே 1,500, 2,000 யூனிட் என்று போடுகிறார்கள். அப்படிப் போட்டால் நாள் கணக்கைக் கடைசியாகப் போட்ட ஊசியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். ஐயூஐ செலவு எப்படியும் ஆகியிருக்கும், அதை விட்டுவிடுங்கள். நர்ஸிங் ஹோம் கட்டணம், இரண்டு ஊசி, எழுதிக்கொடுத்த மற்ற மருந்துகள் எல்லாம் சேர்த்து 3,100. ரத்தப் பரிசோதனை மூன்று முறை, தடவைக்கு 750. கிட் மட்டும் பதினொன்று. ஆபீஸில் ஒயிட்ஃபீல்டிலிருந்து புனேவுக்கு மூன்று வார வேலைக்கு என் பெயரைப் போட்டிருந்தார்கள், கர்ப்பம் என்று நம்பி மேனேஜரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். அது வேறொருவருக்குப் போனது. ஆனால் இது எதுவும் அத்தைக்குப் போன் பண்ணிச் சொன்ன அந்த ஐந்து நிமிஷத்துக்கு ஈடாகாது. “கலைஞ்சிடுச்சாம்மா?” என்று கேட்டார். கலையவில்லை, இருக்கவே இல்லை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. “ஆமா அத்தை” என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய் என்னை ரொம்ப நாள் உறுத்தியது.

இரண்டாவது மாதம் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதில் ஒரு நல்ல வழக்கத்தைக் கற்றுக்கொண்டேன். மனசு அடங்காதவர்களுக்கு இது உதவும். டாக்டரிடம் கேட்டுவிட்டே செய்தேன். ஊசி போட்ட ஐந்தாம் நாளிலிருந்து, ஒரே கம்பெனி கிட்டில், காலை முதல் சிறுநீரில், ஒரு நாள் விட்டு ஒரு நாள் டெஸ்ட் செய்து, ஐந்து நிமிஷத்தில் பார்த்து, மேலே தேதி எழுதி வரிசையாக வைத்தேன். ஐந்தாம் நாள் கோடு நன்றாகத் தெரிந்தது. ஏழாம் நாள் வெளிறியது. ஒன்பதாம் நாள் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம். பதினொன்றாம் நாள் சுத்தமாக வெள்ளை. ஊசி வடிந்துவிட்டது. அதற்குப் பிறகு கோடு திரும்பி வந்தால்தான் அதற்கு மதிப்பு. இந்த வழியில் ஒரு குறை உண்டு. ஊசி முழுசாக வடிவதற்குள் கரு ஒட்டிக்கொண்டால் வெள்ளை நாளே வராமல் போகலாம், அப்போது கிட்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, ரத்தத்தில் இரண்டு எண் பார்த்தால்தான் தெரியும். முந்தின நாள் தண்ணீர் அதிகம் குடித்தாலும் கோட்டின் அடர்த்தி மாறும், அதனால் கோடு கறுப்பதை வைத்துக் கணக்குப் போடக்கூடாது.

ஐந்து நிமிஷம் என்று சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. பதினொன்றாம் நாள் கிட்டைக் குப்பையில் போட்டுவிட்டு, சாயங்காலம் ஆசை விடாமல் எடுத்துப் பார்த்தேன். டி இடத்தில் ஒரு கோடு! இதயம் வாய்க்கு வந்துவிட்டது. ஆனால் அது ரோஜா நிறமில்லை, பென்சிலால் இழுத்த மாதிரி சாம்பல் நிறம், ஓரங்கள் தெளிவில்லை. சிறுநீர் காய்ந்தபோது படிந்த தடம் அது. ஒவ்வொரு கிட்டுக்கும் எத்தனை நிமிஷத்துக்குள் பார்க்க வேண்டும் என்று உள்ளே இருக்கும் தாளில் போட்டிருக்கும். அதைத் தாண்டினால் அது டெஸ்டே இல்லை.

மூன்றாவது மாதம். இந்த முறை 5,000 யூனிட்தான். ஒன்பதாம் நாளே கிட் வெள்ளை. பதினொன்றாம் நாளும் வெள்ளை. பதினைந்தாம் நாள் காலையில் கோடு வந்தது, மெல்லிசாக, ஆனால் நிறத்தோடு. நடுவில் எந்த ஊசியும் போடவில்லை. இதற்கு ஊசி காரணமாக இருக்க முடியாது. இந்த முறை இவரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. அடுத்த நாள் ரத்தத்தில் 38. இரண்டு நாள் கழித்து 61. நல்ல கர்ப்பத்தில் ஆரம்ப வாரங்களில் இரண்டு, மூன்று நாளைக்கு ஒருமுறை எண் இரட்டிப்பாகும் என்பார்கள். இரண்டு நாளில் பாதி அளவாவது கூடியிருக்க வேண்டும் என்பது கீழ் எல்லை. எனக்குக் கூடியிருந்தது. ஆனால் டாக்டர் முகத்தில் சிரிப்பு வரவில்லை. “ஏறுது. இன்னொன்னு பார்ப்போம்” என்றார். அந்த இரண்டு நாளும் நான் படுக்கையில் திரும்பிப் படுக்கக்கூடப் பயந்தேன். மூன்றாவது எண் 29. அன்று ராத்திரியே ரத்தப்போக்கு ஆரம்பித்தது.

இதுதான் உண்மையான கெமிக்கல் பிரெக்னன்சி. என் முதல் மாதக் கதையோடு இதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே 28, 10 என்று இறங்கினது மட்டும்தான் இருந்தது. இங்கே 38, 61 என்று ஏறி, பிறகு 29 என்று இறங்கியது. மருந்து தானாக ஏறாது. நடுவில் ஊசி எதுவும் போடாமல் எண் ஏறினால், உடம்புக்குள் ஏதோ ஒன்று அதைச் சுரக்கிறது என்று பொருள். ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு சந்தோஷப்படவும் முடியாது, அழவும் முடியாது என்று டாக்டர் முதல் மாதமே சொன்னது இதற்குத்தான். இரண்டாவது எண்ணுக்காக 750 ரூபாய் போகிறதே என்று நினைக்காதீர்கள். அதே லேபில், 48 மணி நேரம் விட்டுக் கொடுங்கள். லேப் மாறினால் கருவி மாறும், எண்ணும் கொஞ்சம் மாறும்.

கெமிக்கல் பிரெக்னன்சியைத் ‘தப்பான பாசிட்டிவ்’ என்று சொல்கிற பழக்கம் இருக்கிறது. அது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. கிட் தப்புச் சொல்லவில்லை. அந்தக் காலையில் அது சொன்னது உண்மை. இரண்டு நாள் கழித்து நெகட்டிவ் வந்ததால் முதலில் வந்தது பொய்யாகிவிடாது. முதல் மாதம் நான் அழுதது நடக்காத ஒன்றுக்காக. மூன்றாவது மாதம் நடந்த ஒன்றுக்காக. இரண்டையும் ஒரே பெயரில் சொன்னால் எனக்கு வலிக்கிறது.

என்ன தப்பு செய்தேன் என்று கேட்டேன். ஸ்கூட்டியில் ஹொரமாவு வரை போய்வந்தேன், அந்த ரோட்டுக் குழிகளால் ஆகியிருக்குமோ என்றேன். டாக்டர் தலையாட்டி மறுத்தார். இவ்வளவு சீக்கிரம் நிற்கும் கருக்களில் பெரும்பாலானவை குரோமோசோம் கணக்கு சரியில்லாமல் உருவானவை, வண்டியோ படிக்கட்டோ பப்பாளியோ காரணமில்லை என்றார். எனக்கு அதை நம்பக் கொஞ்ச நாள் ஆனது.

அதோடு அவர் விட்டுவிடவில்லை. எண் ஐந்துக்குக் கீழே வரும்வரை வாரம் ஒருமுறை ரத்தம் கொடுக்கச் சொன்னார். முதல் வாரம் 7, அடுத்த வாரம் இரண்டுக்கும் கீழே. இதை யாரும் தவிர்க்கக்கூடாது. எண் இறங்காமல் நின்றுவிட்டாலோ, மெதுவாக ஏறிக்கொண்டே இருந்தாலோ, கரு கருக்குழாயில் தங்கியிருக்கலாம். அது உயிருக்கே ஆபத்து. ரத்தப்போக்கு வந்துவிட்டது, மாதவிடாய் ஆகிவிட்டது என்று நாமாக முடிவு செய்துவிட்டால் அது தெரியாமல் போய்விடும். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் குத்துவலி, தோள்பட்டையில் வலி, தலைசுற்றல் வந்தால் அடுத்த ரத்தப் பரிசோதனை நாள் வரை காத்திருக்காமல் எமர்ஜென்சிக்கு வரச் சொன்னார். எனக்கு அப்படி எதுவும் வரவில்லை.

இன்னொன்று. முதல் மாதம் பட்டதற்குப் பிறகு, கிட் நெகட்டிவ் என்றதும் ப்ரோஜெஸ்டெரோன் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. அப்படி நிறுத்தாதீர்கள். மூன்றாவது மாதம் பதினொன்றாம் நாள் வெள்ளைக் கிட்டைப் பார்த்து நான் நிறுத்தியிருந்தால், பதினைந்தாம் நாள் கோடு வந்தபோது என்னை நானே காலத்துக்கும் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பேன். ரத்தப் பரிசோதனை வந்து, டாக்டர் வாயால் சொன்ன பிறகுதான் நிறுத்த வேண்டும்.

ஊசி எதுவும் போடாமல் கோடு வருகிறவர்களுக்கும் சில காரணங்கள் உண்டு என்று டாக்டர் சொன்னார். குழந்தை பிறந்தோ, கலைந்தோ சில வாரங்கள் வரை பழைய ஹார்மோன் மிச்சமிருக்கும். மாதவிடாய் நிற்கும் வயதில் சிலருக்கு மூளையின் அடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பியே கொஞ்சம் ஹெச்சிஜி சுரக்கும். கரு சரியாக உருவாகாமல் நஞ்சுக்கொடித் திசு மட்டும் தாறுமாறாக வளரும், முத்துப்பிள்ளை கர்ப்பம் என்று நம் பெரியவர்கள் சொல்லும் நிலையிலும், அபூர்வமாகச் சில கட்டிகளிலும் அது சுரக்கும். அபூர்வமாக, ரத்தத்தில் பாசிட்டிவ் வந்து சிறுநீரில் வராமல் இருக்கும். அது ரத்தத்திலிருக்கும் வேறு எதிர்ப்பொருள் பரிசோதனையைக் குழப்புவதாக இருக்கலாம், அதனால்தான் சந்தேகம் வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்களாம். எனக்கு இவை எதுவும் இல்லாததால் அதற்கு மேல் கேட்கவில்லை.

மூன்றாவது மாதம் முடிந்து பத்து நாள் கழித்து அத்தை ஊரிலிருந்து வந்தார், பையில் முருங்கைக்கீரையும் எள்ளுருண்டையும். சாயங்காலம் இரண்டு பேரும் பால்கனியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். முதல் தடவை என்ன நடந்தது என்பதை அன்றைக்குத்தான் சொன்னேன். அது ஊசி காட்டின கோடு, அப்போது நான் கலைந்துவிட்டது என்று சொன்னது உண்மையில்லை என்றேன். அத்தை காம்பைக் கிள்ளுவதை நிறுத்தவில்லை.

“இந்தத் தடவ நெஜமாவே வந்துச்சு அத்தை. தங்கல.”

கொஞ்ச நேரம் கழித்து, “ஊசியில்லாம, தானாவா?” என்று கேட்டார்.

“தானாதான்.”

“எத்தனை நாளு இருந்துச்சு?”

“தெரிஞ்சு அஞ்சு நாள்.”

அத்தை தலையை ஆட்டிக்கொண்டார். ஆய்ந்த கீரையை என் முறத்திலிருந்தும் அவர் முறத்திலிருந்தும் ஒன்றாகத் தட்டில் கொட்டிவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.